அரை மாதத்துக்கு எவ்வளவு?

2006-இல் அமேசான் தன் கணினிகளை இணையம் வழியே வாடகைக்கு விடத் தொடங்கியபோது, சிறிய கணினி ஒன்றுக்கு மணிக்கு 10 சென்ட் என்று விலை வைத்தது. வாங்கிப் போடத் தேவையில்லை, ஓடிய நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் அந்தக் கணக்கில் மணிக்குக் கீழே அளவே கிடையாது. ஐந்து நிமிடம் ஓட்டினாலும் ஒரு மணி நேரம். ஒரு மணி ஒரு நிமிடம் ஓட்டினால் இரண்டு மணி நேரம். லினக்ஸ் கணினிகளுக்கு 2017 அக்டோபர் 2 முதல் இது நொடிக் கணக்குக்கு மாறியது. அப்போதும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டது: ஒவ்வொரு முறை இயக்கும்போதும் குறைந்தது 60 நொடிக்குக் கட்டணம் உண்டு.

பத்து நொடியில் முடியும் வேலையை நூறு முறை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணினியை இயக்கிச் செய்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் ஓடியது 1,000 நொடி. பில்லில் வருவது 6,000 நொடி. பழைய முறையில் அது 100 மணி நேரமாக இருந்திருக்கும். விலைப்பட்டியலில் உள்ள விலையை விட, எதை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் பில்லின் தொகையை முடிவு செய்கிறது.

பயன்படுத்திய அளவுக்குப் பணம் வாங்கும் மென்பொருள் சேவைகள் இன்று சிறு நிறுவனங்களின் மாதச் செலவில் நிரந்தர இடம் பிடித்துவிட்டன. கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி, மேகத்தில் சேமிக்கும் கோப்பு, வரைபடத்தில் தேடும் முகவரி எல்லாவற்றுக்கும் மீட்டர் ஓடுகிறது. அந்த மீட்டரின் மேல் மூன்று விதிகள் உட்கார்ந்திருக்கின்றன: ஸ்லாப், குறைந்தபட்சக் கட்டணம், நாள் விகிதக் கணக்கு. தனித்தனியே பார்த்தால் மூன்றும் எளியவை. ஒன்றோடொன்று சேரும்போதுதான் சண்டை வருகிறது.

குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சேவையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மாதம் 10,000 செய்தி வரை ஒன்றுக்கு 20 காசு. அதற்கு மேல் 15 காசு. குறைந்தபட்சக் கட்டணம் மாதம் 1,500 ரூபாய். ஒருவர் 12,000 செய்தி அனுப்புகிறார். பில் எவ்வளவு?

இரண்டு விடைகள் உண்டு. முதல் 10,000-க்கு 20 காசு, மீதி 2,000-க்கு 15 காசு என்று அடுக்கடுக்காகப் போட்டால் 2,300 ரூபாய். மொத்த அளவு எந்த ஸ்லாப்பில் விழுகிறதோ அந்த விலையையே எல்லாவற்றுக்கும் போட்டால் 1,800 ரூபாய். இரண்டுமே புழக்கத்தில் உள்ள முறைகள். ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவைகளில் வியாபாரியே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அமேசானின் எஸ்3 சேமிப்பகம் அடுக்கு முறையில் செல்கிறது; முதல் 50 டெராபைட்டுக்கு ஒரு விலை, அடுத்த 450-க்குச் சற்றே குறைந்த விலை.

மொத்த அளவு முறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. சரியாக 10,000 செய்தி அனுப்பியவர் 2,000 ரூபாய் கட்டுவார். இன்னும் ஒரே ஒரு செய்தி அனுப்பியவருக்கு 1,500 ரூபாய் 15 காசு. ஏறத்தாழ 7,500-லிருந்து 10,000 வரை அனுப்பும் அத்தனை பேரும், 10,001 அனுப்பியவரை விட அதிகம் கொடுக்கிறார்கள். மாதக் கடைசியில் தேவையில்லாத செய்திகளை அனுப்பி எல்லையைத் தாண்டிவிட்டால் பில் குறைகிறது. இதே பள்ளம் தலைகீழாக வந்தால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டு வீடுகளுக்குத் தெரியும். இரண்டு மாத மின் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ் ஸ்லாப்பின் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடுகிறது.

குறைந்தபட்சக் கட்டணத்திலும் ஒரு குழப்பம் உண்டு. அது பயன்பாட்டுக்கு மேல் கூடுதலாக வாங்கும் தொகையா, பயன்பாடு அதை எட்டாதபோது மட்டும் நிரப்பும் தொகையா? நம் சேவை இரண்டாவது வகை: 4,000 செய்திக்கு 800 ரூபாய்தான் ஆகிறது, மீதி 700 ‘குறைந்தபட்சக் கட்டண வித்தியாசம்’ என்று தனி வரியாக வர வேண்டும். அந்த வரியைக் காட்டாமல் மொத்தத்தை மட்டும் காட்டும் பில்லைச் சரிபார்க்க வாடிக்கையாளருக்கு வழியே இல்லை.

இனி நாள் விகிதம். ஒருவர் ஜூன் 16-ஆம் தேதி சேர்கிறார். மாதம் முடிய, சேர்ந்த நாளையும் சேர்த்து 15 நாள், அதாவது பாதி மாதம். அதற்குள் 6,000 செய்தி அனுப்பிவிட்டார். செய்திக் கட்டணத்தைப் பாதியாக்குவதில் பொருளில்லை, அனுப்பியது அனுப்பியதுதான். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் பாதியாக வேண்டுமா? ஸ்லாப் எல்லை பாதியாக வேண்டுமா?

எதையும் பாதியாக்கவில்லை என்றால் செய்திக் கட்டணம் 1,200; குறைந்தபட்சம் 1,500; ஆகவே பில் 1,500. குறைந்தபட்சத்தை மட்டும் 750 ஆக்கினால் பில் 1,200. அடுக்கு முறையில் ஸ்லாப் எல்லையையும் 5,000-ஆகக் குறைத்தால், 5,000-க்கு 1,000 ரூபாயும் மீதி 1,000-க்கு 150 ரூபாயும் சேர்ந்து 1,150. ஒரே வாடிக்கையாளர், ஒரே மாதம், ஒரே 6,000 செய்தி, மூன்று பில்கள். மூன்றில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் எழுதாதவரை எதையும் சரி என்றும் சொல்ல முடியாது. குறைந்தபட்சத்தைக் குறைத்து, ஸ்லாப் எல்லையைத் தொடாமல் விடும் நடுவழிதான் நியாயமானது. பாதி நாள் சேவை தந்தவர் முழு மாத உத்தரவாதம் கேட்கக் கூடாது. அதே சமயம், குறைவாக வாங்கியவருக்கு மொத்த விலைச் சலுகை தரவும் கடமை இல்லை.

மாத நடுவில் திட்டத்தை மாற்றுவது இன்னொரு சிக்கல். மாதம் 3,000 ரூபாய்த் திட்டத்திலிருந்து 6,000 ரூபாய்த் திட்டத்துக்கு, பத்து நாள் மிச்சமிருக்கும்போது ஜூன் 21-இல் மாறினால், பழையதில் 1,000 வரவு, புதியதில் 2,000 பற்று, கட்ட வேண்டியது 1,000. நிலையான சந்தாவுக்கு இது போதும். மீட்டர் உள்ள சேவையில் மாறிய நொடியிலேயே மீட்டரை வெட்டி, அதுவரை ஓடியதைப் பழைய விலையில் கணக்கிட வேண்டும். வெட்ட மறந்தால் மாதக் கடைசியில் மொத்தப் பயன்பாடும் புதிய விலையில் பில்லாகும். மாறிய மாதத்துப் பில்லில் பயன்பாடு இரண்டு வரிகளாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

மீட்டரே தவறாக எண்ணுவதும் உண்டு. பயன்பாட்டுப் பதிவை அனுப்பிய கணினிக்கு, இணைப்பு அறுந்ததால் பதில் வராமல் போகும். அது மறுபடி அனுப்பும். ஒரே செய்தி இரண்டாக எண்ணப்படும். இதைத் தடுக்க ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரைப்பின் மீட்டர் பதிவுகளில் அதற்கென்றே `identifier` என்ற புலம் இருக்கிறது. மாதம் எப்போது தொடங்குகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. அமேசானின் மாதக் கணக்கு உலகப் பொது நேரப்படி ஓடுவதால், இந்தியாவில் முதல் தேதி காலை 5.30 வரை நடந்தது முந்தைய மாதத்தில் சேரும்.

எந்தச் சேவைக்கும் கையெழுத்துப் போடும் முன், விலைப்பட்டியலோடு ஒரு மாதிரி பில்லையும் கேளுங்கள்: 16-ஆம் தேதி சேர்ந்து, ஸ்லாப் எல்லையைத் தாண்டி, 21-ஆம் தேதி திட்டம் மாறிய ஒரு வாடிக்கையாளரின் பில். அதை வரி வரியாகப் போட்டுத் தரச் சொல்லி, ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.