லிங்கின் சொந்தக்காரர் யார்?

செல்போனுக்கு வரும் செய்தியில் வங்கியின் சின்னத்தையும் பெயரையும் எவரும் போலியாகப் போட்டுவிடலாம். லிங்கின் முகவரியில் ஒரு பகுதியை மட்டும் அப்படிப் போட முடியாது. மூத்த குடிமக்கள் முதலில் பழக வேண்டியது அந்தப் பகுதியைப் படிக்கத்தான்.

“கணக்கு இன்றிரவு முடக்கப்படும், கேஒய்சி விவரத்தைப் புதுப்பிக்கவும்” என்ற செய்தியுடன் இப்படி ஒரு லிங்க் வருவதாகக் கொள்ளலாம்:

```
https://sbi.bank.in.kyc-seva25.xyz/login
```

இடப்பக்கம் இருந்து படிப்பவருக்கு sbi.bank.in என்பதே முதலில் கண்ணில் படும். மோசடிக்காரர் எதிர்பார்ப்பதும் அதையே. `https://` என்பதைத் தாண்டி, அடுத்து வரும் முதல் சாய்கோட்டைத் தேட வேண்டும். அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் சொந்தக்காரரின் பெயர். இங்கே அது kyc-seva25.xyz. அதற்கு முன்னால் எந்த வங்கியின் பெயரை ஒட்டவும் அந்தப் பெயரை வாங்கியவருக்குத் தடையில்லை. உண்மையான முகவரியில் bank.in என்பது சாய்கோட்டை ஒட்டியே நிற்கும். இந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் இதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது.

முகவரி தெரியாமல் “இங்கே தட்டவும்” என்று மட்டும் இருந்தால், அதன்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் முழு முகவரி தெரியும். bit.ly போன்ற சுருக்கப்பட்ட லிங்கில் இந்தச் சோதனை பலிக்காது. அப்போது பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்குப் பேசிக் கேட்பதே நல்லது. பூட்டுச் சின்னத்தையும் நம்ப வேண்டாம். போலித் தளங்களிலும் அது இருக்கிறது.

பரிசுச் செய்திக்கு இவ்வளவு ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. ‘கோன் பனேகா குரோர்பதி’ பெயரில் 25 லட்சம் ரூபாய் லாட்டரி விழுந்ததாக வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றும் படத்தில் லிங்க்கே இல்லாமல், பேச வேண்டிய ஓர் எண் மட்டும் இருப்பதுண்டு. பேசினால் முதலில் ‘பிராசஸிங் கட்டணம்’ கேட்பார்கள். கட்டியதும் வரி, பிறகு இன்னொன்று என்று வசூல் தொடரும். சீட்டு வாங்காதவருக்கு லாட்டரி விழ வழியே இல்லை. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. கேரள அரசு லாட்டரியிலும் அச்சிட்ட அசல் சீட்டைக் கொடுத்தால்தான் பரிசு. பணம் ‘வருவதற்கு’ யுபிஐ பின் போடச் சொன்னாலும் மோசடிதான். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

தவறித் தட்டியவர் பதற வேண்டியதில்லை. பக்கம் திறந்ததனால் மட்டும் பெரும்பாலும் பணம் போய்விடாது; ஓடிபி, பின் எண்ணைக் கொடுக்கும்போதோ, ஏபிகே கோப்பை நிறுவும்போதோதான் பணம் பறிபோகிறது. எதையும் நிரப்பாமல் பக்கத்தை மூடிவிடலாம். ஏபிகே ஏறிவிட்டால் இணையத்தை அணைத்து, வேறொரு போனிலிருந்து வங்கியை அழைக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்ல வேண்டும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.