‘ஏற்பட்டது’ என்றால் யார் செய்தது?

இலக்கியச் சந்திப்பில் ஒரு பொருளியல் பந்தியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இந்தப் பந்தியை எழுதியவன் நான்தான். அதில் இருந்த பிழையும் மொழிப் பிழைதான், பொருளியல் பிழை அல்ல. ஆகவே அதை இங்கே சொல்லலாம் என்று நினைத்தேன்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியைப் பற்றி, எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். எழுதி அனுப்புவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பினேன். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவள் அவள். நான் அந்தக் காலத்தைத் தொலைபேசியில் மட்டும் கேட்டவன். வாசித்துவிட்டு இப்படிச் சொன்னாள்: “அண்ணா, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா மழை பெய்த மாதிரி எழுதியிருக்கிறியள். ஆர் என்ன செய்தவை எண்டு ஒரு இடத்திலையும் இல்லையே?”

அந்தப் பந்தியை அப்படியே வாசிக்கிறேன்:

“2019ஆம் ஆண்டின் இறுதியில் வரி வீதங்களில் குறைப்பு மேற்கொள்ளப்பட்டதன் காரணமாக அரச வருமானத்தில் வீழ்ச்சி காணப்பட்டது. இதனால் ஏற்பட்ட பற்றாக்குறை தொடர்பில் மத்திய வங்கியின் நிதியளிப்பு இடம்பெற்றதுடன் பண நிரம்பலில் அதிகரிப்பு ஏற்பட்டது. வெளிநாட்டு ஒதுக்குகளில் தொடர்ச்சியான குறைவு நிலவிய நிலையில் நாணயமாற்று வீதத்தில் நிலையான தன்மை பேணப்பட்டு வந்ததுடன், 2022 மார்ச்சில் நெகிழ்வுத்தன்மை அனுமதிக்கப்பட்டதைத் தொடர்ந்து ரூபாயின் பெறுமதியில் பாரிய வீழ்ச்சி ஏற்பட்டது. இவற்றின் விளைவாகப் பணவீக்கத்தில் அதிகரிப்பு காணப்பட்டதுடன் மக்களின் வாழ்க்கைத் தரத்தில் பாதிப்பு ஏற்பட்டுள்ளது.”

இந்த நடை எங்கிருந்து வந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியும். பள்ளிப் பாடநூலில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், அறிக்கைகளில் வாசித்தோம். ‘காணப்பட்டது’, ‘நிலவியது’, ‘இடம்பெற்றது’, ‘ஏற்பட்டது’ என்று எழுதினால் அது அறிவார்ந்த தமிழ் என்று பழகிவிட்டோம். மேலே வாசித்த நான்கு வாக்கியங்களில் ‘ஏற்படு’ மட்டும் நான்கு தடவை வருகிறது. அந்த வினை எதையும் சொல்வதில்லை. ஏதோ ஒன்று முன்பு இல்லை, இப்போது இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் நடந்த செயல்கள் எங்கே போயின? பெயர்ச்சொற்களுக்குள் போய் ஒளிந்துகொண்டன. குறைப்பு, வீழ்ச்சி, நிதியளிப்பு, அதிகரிப்பு, பாதிப்பு எல்லாமே வினையாக இருக்க வேண்டியவை. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. ‘இன்னதில் இன்னது ஏற்பட்டது’ என்ற வடிவத்தைத் தேடுங்கள். ‘வருமானத்தில் வீழ்ச்சி காணப்பட்டது’ என்பதில் ‘-இல்’ உருபை எடுத்துவிட்டால் வருமானமே எழுவாயாகிறது, வீழ்ச்சி வினையாகிறது: ‘வருமானம் வீழ்ந்தது.’ மூன்று சொல் இரண்டாகியது. ‘பண நிரம்பலில் அதிகரிப்பு ஏற்பட்டது’ என்பது ‘பண நிரம்பல் பெருகியது’ ஆகும். முதல் சுற்றில் பேனாவை எடுத்து இப்படியே போகலாம். பந்தி பாதியாகச் சுருங்கும்.

ஆனால் என் தங்கையின் கேள்விக்கு இது பதில் அல்ல. ‘வருமானம் வீழ்ந்தது’ என்பதும் மழை பெய்த மாதிரிதான். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு வினையிடமும் ‘யார்?’ என்று கேட்க வேண்டும். அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. விடை தெரியாவிட்டால் எழுத முடியாது.

‘வரிக் குறைப்பு மேற்கொள்ளப்பட்டது.’ யாரால்? புதிதாகப் பதவியேற்ற அரசாங்கத்தால். எதை, எவ்வளவு? பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக. ஆக, ‘2019 டிசம்பரில் புதிய அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது’ என்று எழுதலாம். ‘குறைத்தது’ என்று எழுதியவுடனேயே யார், எதை, எவ்வளவு என்ற மூன்றையும் அந்த வினை என்னிடம் கேட்டு வாங்கிவிட்டது. ‘மேற்கொள்ளப்பட்டது’ ஒன்றையும் கேட்கவில்லை.

‘மத்திய வங்கியின் நிதியளிப்பு இடம்பெற்றது’ என்பது இன்னும் மோசம். இது ஏதோ விழா இடம்பெற்றதைப் போல ஒலிக்கிறது. நடந்தது என்ன? அரசாங்கம் கடன் வாங்குவதற்காகத் திறைசேரி உண்டியல்களை விற்றது. சந்தையில் போதுமானவர்கள் வாங்காத இடத்தில் மத்திய வங்கி வாங்கியது. வாங்குவதற்கான ரூபாயை அது புதிதாக உருவாக்கியது. விற்றது, வாங்கியது, உருவாக்கியது என்ற மூன்று வினைகளை ‘இடம்பெற்றது’ என்ற ஒரே வினைக்குள் புதைத்திருந்தேன். இதை விரித்து எழுதினால் பந்தி நீளும். நீளட்டும். சொற்களை மிச்சம் பிடிப்பது நோக்கமல்ல, என்ன நடந்தது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது ‘நிலையான தன்மை பேணப்பட்டு வந்தது.’ பேணுதல் என்பது தமிழில் நல்ல சொல். குழந்தையைப் பேணுகிறோம், பெற்றோரைப் பேணுகிறோம். வாசகர் தன்னையறியாமலே தலையாட்டிவிடுவார். உண்மையில் மத்திய வங்கி 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலரை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது. அதே காலத்தில் கையிலிருந்த டொலர்கள் கரைந்துகொண்டிருந்தன. 2022 ஜனவரியில் மட்டும் 50 கோடி டொலர் கடன் பத்திரம் ஒன்றை நாடு திருப்பிச் செலுத்தியது. மார்ச்சில் மத்திய வங்கி பிடியை விட்டது. சில வாரங்களில் டொலர் 300 ரூபாயைத் தாண்டியது. ‘பிடித்து வைத்தது’, ‘விட்டது’ என்று எழுதியபோது, ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள உறவு தானாகவே தெரிந்தது. ‘பேணப்பட்டது’, ‘அனுமதிக்கப்பட்டது’ என்ற இரண்டுக்கும் இடையே அந்த உறவு எங்கேயும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். செய்வினையாக மாற்றும்போது நாம் ஒரு குற்றச்சாட்டையும் கூடவே எழுதிவிடுகிறோம். முதல் உற்சாகத்தில் ‘வரிக் குறைப்பு அரச வருமானத்தைச் சரித்தது’ என்று எழுதினேன். பிறகு நின்றேன். 2020இல் பெருந்தொற்று வந்தது. சுற்றுலா நின்றது, கடைகள் மூடின, இறக்குமதியையும் அரசாங்கம் கட்டுப்படுத்தியது. வருமானத்தைச் சரித்தது வரிக் குறைப்பு மட்டும் அல்ல. ‘காணப்பட்டது’ என்று எழுதியிருந்தவரை இந்தச் சிக்கல் எனக்குத் தெரியவேயில்லை. செய்வினை எழுதியபோதுதான் என் வாதத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. ஆகவே ‘வரிக் குறைப்பும் அடுத்து வந்த பெருந்தொற்றும் சேர்ந்து’ என்று திருத்தினேன். இரண்டு விடயங்கள் ஒன்றாக நகர்கின்றன என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும், ஒன்று மற்றதை நகர்த்தியதா என்று தெரியாது என்றால், ‘தொடர்பு காணப்படுகிறது’ என்பதே நேர்மையான வாக்கியம். அதை மாற்றாதீர்கள்.

ரூபாய் ‘சரிந்தது’ என்பதையும் அப்படியே விட்டேன். விலையை ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து நகர்த்துகிறார்கள்; ஒருவரைப் பிடித்து எழுவாயாக நிறுத்தினால் அது பொய். அதேபோல் உயிருள்ள வினை வேண்டும் என்பதற்காக ‘பணவீக்கம் மக்களை விழுங்கியது’ என்று எழுதுவதும் உதவாது. அது பணவீக்கத்தை ஒரு பூதமாக்கி, பூதத்தின் பின்னால் ஆட்களை மீண்டும் ஒளித்துவிடும். இருப்பைச் சொல்லும் வினைகளையும் முற்றாகத் துரத்த வேண்டியதில்லை. ‘பம்பில் டீசல் இல்லை’ என்பதைவிடத் துல்லியமாக அந்த நாட்களைச் சொல்ல முடியாது.

பணவீக்கத்தைப் பற்றி ஒன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அது ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. ‘பணவீக்கம் குறைந்தது’ என்று செய்தியில் சொன்னார்கள். “குறைஞ்சிட்டுதெண்டு சொல்லீனம், கடையிலை ஒண்டும் குறையேல்லை” என்றாள் தங்கை. இரண்டும் உண்மை. 100 ரூபாய்ச் சாமான் ஓராண்டில் 170 ஆகி, அடுத்த ஆண்டு 5 சதவீதம் ஏறினால் 178 ரூபாய் 50 சதம். பணவீக்கம் 70இலிருந்து 5க்கு இறங்கியது. விலை ஏறிக்கொண்டே இருந்தது. ‘குறைந்தது’ என்ற வினை வாசகர் மனதில் விலையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ‘விலைகள் ஏறும் வேகம் தணிந்தது’ என்று எழுதினால் ஒருவரும் ஏமாற மாட்டார்கள்.

கடைசியில் பந்தி இப்படி வந்தது:

“2019 டிசம்பரில் புதிய அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. இந்தக் குறைப்பும் அடுத்து வந்த பெருந்தொற்றும் சேர்ந்து அரச வருமானத்தைச் சரித்தன. செலவை ஈடுகட்ட அரசாங்கம் திறைசேரி உண்டியல்களை விற்றது. மத்திய வங்கி புதிதாக ரூபாயை உருவாக்கி அவற்றை வாங்கியது. கையிலிருந்த டொலர்கள் கரைந்தபோதும் அது டொலரை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைத்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டது. சில வாரங்களில் டொலர் 300 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதிப் பொருட்களின் விலை பாய்ந்தது. செப்டெம்பரில் கொழும்பு மக்கள் முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கியதை ஏறத்தாழ 170 ரூபாய்க்கு வாங்கினார்கள்.”

‘வாழ்க்கைத் தரத்தில் பாதிப்பு’ போய்விட்டது. அதற்குப் பதிலாக மக்கள் வந்து நிற்கிறார்கள், காசைக் கொடுத்து வாங்குகிறார்கள்.

இதைத் தங்கைக்கு அனுப்பினேன். “இப்ப விளங்குது. ஆனா அரசாங்கம், மத்திய வங்கி எண்டா ஆர் அண்ணா? கட்டடமே?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. நிறுவனத்தின் பெயரும் ஒரு திரைதான். 2023 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் இதே கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றில் விடை சொன்னது. முன்னாள் ஜனாதிபதி, முன்னாள் பிரதமர், முன்னாள் நிதியமைச்சர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்டோர் மக்கள் தங்கள்மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று அது கூறியது. ‘மீறல் இடம்பெற்றது’ என்று நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளவில்லை. யார் மீறினார்கள் என்று பெயர் சொன்னது.

மலருக்கு அனுப்பிய கட்டுரையில் அந்த வாக்கியத்தையும் சேர்த்தேன்.