ஒரே வாக்கியத்தில் தெலுங்கும் தமிழும்: குழந்தை குழம்பவில்லை

தேவதானப்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. தென்மேற்கே கம்பம் பக்கம் போனால் கன்னடம் பேசும் வீடுகளும் உண்டு. இந்த வீடுகளில் குழந்தை இரண்டு, மூன்று வயதில் வாய் நிறையப் பேச ஆரம்பிக்கும்போது பெற்றோருக்கு ஒரு பயம் வருகிறது. “தெலுங்கும் வராம தமிழும் வராம ரெண்டையும் போட்டுக் குழப்புதே” என்பார்கள். பால்வாடியில் கஷ்டப்படும், வீட்டிலும் தமிழே பேசுங்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து அவ்வாவின் பேச்சுக்கும் தடை விழும்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தை அடம்பிடித்துச் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றைக் கவனியுங்கள்: “நேனு பால்வாடிக்கி போனு.” பால்வாடி என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் சொல். தமிழ்ப் பேச்சில் கேட்டுத்தான் குழந்தை அதைக் கற்றிருக்கும். ஆனால் அதன் பின்னால் ஒட்டியிருப்பது தெலுங்கின் ‘கி’ உருபு. ‘போனு’ என்பதும் தெலுங்கு இலக்கணப்படி முழுசாக அமைந்த எதிர்மறை வினை. தமிழில் ‘போக மாட்டேன்’ என்று இரண்டு சொல்லாக வருவது தெலுங்கில் ஒரே சொல்லாக அடங்குகிறது. தன்மை இடத்துக்குரிய விகுதியும் சரியாக இருக்கிறது. எடுத்து வந்தது ஒரு பெயர்ச்சொல்லை மட்டும். வாக்கியத்தைக் கட்டியது முழுக்கத் தெலுங்கு. அதே குழந்தை பக்கத்து வீட்டுத் தமிழ் அத்தையிடம் “நான் பால்வாடிக்குப் போக மாட்டேன்” என்று சொல்லுமானால், இரண்டு இலக்கணமும் அதன் தலைக்குள் தனித்தனியாக இருக்கின்றன என்றுதான் பொருள்.

குழப்பம் என்றால் எப்படி இருக்கும்? தமிழ் வினையடியில் தெலுங்கு விகுதி ஒட்டியிருக்கும். உருபு பெயருக்கு முன்னால் வந்துவிடும். அப்படி ஆங்காங்கே சிதறிய வாக்கியங்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். இருமொழி பேசுவோரை ஆராய்ந்தவர்கள் கண்டது அதற்கு நேர்மாறானது.

நியூயார்க்கில் வாழும் புவெர்ட்டோ ரிக்கோ மக்களின் ஸ்பானிய–ஆங்கிலப் பேச்சை ஷானா பாப்லாக் ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டார். 20 பேரின் பேச்சில் மொழி மாறிய இடங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் இரு மொழிகளில் ஏதாவது ஒன்றின் இலக்கணத்தை உடைத்தவை மிகமிகக் குறைவு. ஒரே வாக்கியத்துக்குள் சரளமாக மாற்றியவர்கள் இரண்டு மொழியையும் நன்றாக அறிந்தவர்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு சொல்லைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1990-இல் டேவிட் சான்காஃப், பாப்லாக், சுவாதி வன்னியராஜன் மூவரும் நம் தமிழையே எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பேச்சில் வரும் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் தமிழ்ப் பெயர்களைப் போலவே உருபேற்று, அவை நிற்கும் இடத்திலேயே நிற்பதைக் காட்டினார்கள். ‘பஸ்ஸுக்கு’, ‘டீச்சர்கிட்ட’ என்று நாம் எல்லோரும் செய்வது அதுதான். நம் குழந்தை ‘பால்வாடிக்கி’ என்று செய்ததும் அதுவேதான்.

சின்னக் குழந்தைக்கு இரண்டும் வேறு வேறு மொழி என்றே தெரியாது என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. மாண்ட்ரியலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த, இரண்டு வயதை ஒட்டிய ஐந்து குழந்தைகளை ஃபிரெட் ஜெனிசியும் சகாக்களும் கவனித்து 1995-இல் எழுதினார்கள். அம்மாவிடம் பேசும்போது அம்மாவின் மொழியும், அப்பாவிடம் அப்பாவின் மொழியும் கூடுதலாக வந்தன. எதிரில் யார் என்று பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்கிற குழந்தையை, வேறுபாடு தெரியாதது என்று சொல்ல முடியாது. பிறகு ஏன் கலக்கிறது? பெரும்பாலும் அந்தச் சொல் அதற்கு ஒரு மொழியில்தான் கிடைத்திருக்கும். சுற்றியுள்ள பெரியவர்களும் கலந்துதான் பேசுகிறார்கள்.

தெலுங்கும் தமிழும் ஒரே குடும்பத்து மொழிகள். வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும். அதனால் இந்தக் கலப்பு இங்கே இன்னும் வழுக்கிக்கொண்டு நடக்கிறது. அதே காரணத்தால், ஒரு பிழை எந்த மொழியின் தாக்கம் என்று பிரித்துச் சொல்வது சில நேரம் கடினம். மூன்று வயதில் ஒரே மொழி பேசும் குழந்தையும் விகுதியில் தடுமாறும் என்பதை மறக்க வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. இரண்டு வயதாகியும் இரு மொழியையும் சேர்த்து எண்ணினால்கூட 50 சொல் தேறவில்லை, இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, எந்த மொழியில் சொன்னாலும் புரிந்துகொள்ளவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். டாக்டரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ போகும்போது, குழந்தைக்குத் தெரிந்த தெலுங்குச் சொற்களையும் தமிழ்ச் சொற்களையும் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு மொழியை மட்டும் வைத்து அளந்தால் நன்றாக இருக்கும் குழந்தையும் பின்தங்கியதாகத் தெரியும். உண்மையிலேயே பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைக்கும் வீட்டு மொழியை நிறுத்துவதால் அது சரியாகிவிடுவதில்லை. அவ்வாவோடு பேசும் பேச்சுதான் குறைந்துபோகும்.