போரான் போட்ட துண்டு

1956-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம். பேராசிரியர் ஹெர்பர்ட் பிரௌனின் ஆய்வுக்கூடத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த பி. சி. சுப்பா ராவ் எஸ்டர்களை ஆல்கஹாலாக ஒடுக்கிக்கொண்டிருந்தார். சோடியம் போரோஹைட்ரைடும் அலுமினியம் குளோரைடும் சேர்ந்த கலவை எஸ்டரை எவ்வளவு நன்றாக ஒடுக்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு எஸ்டர் மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ரைடு செலவாக வேண்டும். எத்தில் ஸ்டியரேட் கணக்குப்படி இரண்டை எடுத்துக்கொண்டது. எத்தில் ஓலியேட் மட்டும் 2.37 எடுத்தது.

எஸ்டர் தூய்மையாக இல்லாததால் வந்த பிசகாக இருக்கும் என்பதே முதல் ஊகம். அதைத் திரும்பத் தூய்மைப்படுத்திச் செய்து பார்த்தார்கள். மீண்டும் அதே 2.37. பிரௌன் அந்த எண்ணை ஒதுக்க விடவில்லை. ஹைட்ரைடின் அளவைக் கூட்டி நேரத்தையும் நீட்டியபோது செலவு முழுசாக மூன்றுக்கு ஏறியது. ஸ்டியரேட்டுக்கும் ஓலியேட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று: ஓலியேட்டின் நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. மூன்றாவது ஹைட்ரைடு அங்கேதான் போயிருந்தது. போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்து இரட்டைப் பிணைப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஹைட்ரோபோரேற்றம் என்று இன்று பாடப்புத்தகங்கள் சொல்லும் வினை இதுதான். 1979-ல் பிரௌனுக்குக் கிடைத்த வேதியியல் நோபல் பரிசில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பரிசை அவர் ஜெர்மானியரான கியோர்க் விட்டிக்குடன் பகிர்ந்துகொண்டார்.

இந்த வினை எந்தச் சிக்கலைத் தீர்த்தது என்று பார்ப்போம். இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன் ஒன்றில் தண்ணீரைச் சேர்த்தால் ஆல்கஹால் கிடைக்கும். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் ஒரு கார்பனுக்கும், OH தொகுதி மற்ற கார்பனுக்கும் போகும். எது எங்கே போகும்? கஸான் பல்கலைக்கழகத்தில் பயின்ற விளாதிமிர் மார்க்கோவ்னிகாஃப் 1870 வாக்கில் இதற்கு ஒரு விதி சொன்னார். ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனுக்கே புதிய ஹைட்ரஜனும் போகும். அப்படியானால் OH தொகுதி கிளைகள் அதிகமுள்ள மற்ற கார்பனில் போய் அமரும். அமிலத்தை வைத்து நீரேற்றம் செய்தால் இப்படித்தான் நடக்கிறது. நமக்கு வேண்டியதோ ஓரத்துக் கார்பனில் OH உள்ள ஆல்கஹால் என்றால், அமில வழியில் அது கிடைக்காது.

மீத்தைல்சைக்ளோஹெக்ஸீன் என்ற ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஆறு கார்பன்கள் கொண்ட ஒரு வளையம். அதில் முதல் கார்பனுக்கும் இரண்டாம் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு. முதல் கார்பனில் ஒரு மீத்தைல் கிளை. அமிலத்தோடு நீரேற்றினால் OH, மீத்தைல் உள்ள முதல் கார்பனிலேயே ஏறும். இரண்டாம் கார்பனில் OH வேண்டும் என்றால் போரான்தான் வழி.

பேருந்து ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்போம். போரான் இரண்டாம் கார்பனில் துண்டு போடுகிறது. பிறகு வரும் ஆக்சிஜன், துண்டு கிடந்த அதே இடத்தில், அதே பக்கத்தில் உட்காருகிறது. இந்த வினையில் இரட்டைப் பிணைப்பின் மேல் தண்ணீர் நேரடியாகச் சேர்வதே இல்லை. இறுதிக் கணக்கில் மட்டும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்ததாகத் தெரிகிறது.

போரான் ஏன் இரண்டாம் கார்பனைத் தேர்கிறது? போரேனில், அதாவது BH3-இல், போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே இருக்கின்றன. இன்னும் இரண்டுக்கு அங்கே இடம் காலியாக இருக்கிறது. எனவே அது இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்களை நாடி வருகிறது. அது ஒரு கார்பனைப் பற்றத் தொடங்கும்போது மற்ற கார்பனில் லேசாக நேர்மின்சுமை எட்டிப்பார்க்கும். மீத்தைல் கிளை உள்ள கார்பனால் அந்தச் சுமையை எளிதாகத் தாங்க முடியும். அதனால் சுமை அங்கே விழுகிறது, போரான் இங்கே வருகிறது. போரானைச் சுற்றியுள்ள தொகுதிகளின் பருமனும் நெரிசல் குறைந்த கார்பனை நோக்கியே அதைத் தள்ளுகிறது. போரானோடு ஒட்டி வந்த ஹைட்ரஜன், எலக்ட்ரான் இணையோடு முதல் கார்பனுக்குப் போகிறது.

இதை எதிர்-மார்க்கோவ்னிகாஃப் சேர்க்கை என்று அழைப்பது வழக்கம். கூர்ந்து பார்த்தால், மார்க்கோவ்னிகாஃப் விதிக்கு அடியில் உள்ள காரணம் இங்கேயும் அப்படியே வேலை செய்கிறது. எலக்ட்ரானைத் தேடி வரும் துகள் கிளை குறைந்த கார்பனுக்குப் போகும் என்பதே அந்தக் காரணம். அமில வழியில் அப்படித் தேடி வருவது ஹைட்ரஜன், இங்கே போரான். மாணவர்கள் இதை விதிவிலக்காக மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் புரிந்துகொள்வது நல்லது என்பது என் எண்ணம். அப்போது மறக்க வழியில்லை.

இனி முப்பரிமாணம். போரானும் ஹைட்ரஜனும் ஒரே மூலக்கூறிலிருந்து ஒரே சமயத்தில் இரு கார்பன்களையும் தொடுகின்றன. இரண்டு கார்பன், ஒரு ஹைட்ரஜன், ஒரு போரான் என நான்கு அணுக்களும் ஒரு சதுரம் போலக் கைகோத்துக்கொள்கின்றன. ஆகவே இரண்டும் வளையத்தின் ஒரே முகத்தில்தான் இறங்க முடியும். இரண்டும் மேலிருந்து வந்தன என்று வைத்துக்கொண்டால், முதல் கார்பனில் மேற்பக்கம் ஹைட்ரஜன் வந்து சேர, அங்கிருந்த மீத்தைல் கீழே சாய்கிறது. இரண்டாம் கார்பனில் போரான் மேலே நிற்கிறது. மீத்தைலும் போரானும் எதிரெதிர் முகங்களில் அமைந்துவிட்டன. வேதியியலில் இதற்கு டிரான்ஸ் அமைப்பு என்று பெயர்.

அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் வருகின்றன. காரம், பெராக்சைடிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோபெராக்சைடு அயனியை உண்டாக்குகிறது. அந்த அயனி போரானின் காலி இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. இப்போது போரானை அடுத்து ஓர் ஆக்சிஜன், அதை அடுத்து இன்னோர் ஆக்சிஜன். இந்த இரு ஆக்சிஜன்களுக்கிடையே உள்ள பிணைப்பு மிகவும் பலவீனமானது. அது முறிந்து ஹைட்ராக்சைடு விலகும் அதே நேரத்தில், போரானில் இருந்த வளையக் கார்பன் தன் எலக்ட்ரான் இணையோடு அப்படியே பக்கத்து ஆக்சிஜனுக்கு நகர்ந்துவிடுகிறது. போரானைப் பிடித்திருந்த அதே முகத்தால்தான் கார்பன் ஆக்சிஜனையும் பிடிக்கிறது. கார்பனின் வடிவம் புரள்வதற்கு எங்குமே வாய்ப்பு இல்லை. கடைசியாக, நீரும் காரமும் போரானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையேயான பிணைப்பைத்தான் வெட்டுகின்றன. கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பைத் தொடுவதில்லை. விளைவாகக் கிடைப்பது டிரான்ஸ்-2-மீத்தைல்சைக்ளோஹெக்ஸனால்.

ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிச் செய்வார்கள்? 9.6 கிராம் மீத்தைல்சைக்ளோஹெக்ஸீன், அதாவது 0.1 மோல். நன்றாக உலர்த்திய குடுவையை நைட்ரஜனால் நிரப்பி, ஐஸில் வைத்து, டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைந்த ஒரு மோலார் போரேன் கரைசலில் 60 மில்லிலிட்டரைச் சிரிஞ்சு வழியாகச் சேர்க்கிறார்கள். ஒரு போரேனில் மூன்று ஹைட்ரஜன் இருப்பதால் அது மூன்று ஆல்க்கீன்களைப் பிடிக்க வல்லது. நம் ஆல்க்கீன் நெரிசலானது என்பதால் இரண்டு ஏறியதுமே நின்றுவிடுகிறது. அதனால்தான் 60 மில்லிலிட்டர் எடுத்தோம். மீதமுள்ள ஹைட்ரைடு ஏறத்தாழ 80 மில்லிமோல். அதை அழிக்கத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் வாயு மட்டும் இரண்டு லிட்டரை நெருங்கும். வாயு வெளியேற வழியில்லாமல் மூடிய குடுவையில் இதைச் செய்வது ஆபத்து.

பிறகு 3 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மில்லிலிட்டர். அதன் பின்னர்தான் 30 சதவீதப் பெராக்சைடு 20 மில்லிலிட்டர், அதுவும் மெதுவாக. வெப்பம் வேகமாக ஏறும் கட்டம் இது. வெப்பமானியில் 40 டிகிரியைத் தாண்டவிடாமல் ஐஸில் வைத்தபடி சேர்க்க வேண்டும். காரத்தைச் சேர்க்காமல் பெராக்சைடை ஊற்றினால் வினை ஆரம்பத்தில் மந்தமாக நடக்கும். வினைப்படாத பெராக்சைடு குடுவையில் தேங்கும். பின்னால் ஒரு கட்டத்தில் மொத்தமும் ஒரே சமயத்தில் கிளம்பும். காரம் முதலில், பெராக்சைடு பிறகு என்ற வரிசையை மாற்றக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு ஸ்டார்ச்-அயோடைடு தாளில் ஒரு துளி வைத்துப் பார்ப்பார்கள். தாள் நீலமானால் பெராக்சைடு இன்னும் இருக்கிறது. சோடியம் சல்ஃபைட்டால் அதை அழிக்காமல் வாலைவடிக்கக் கூடாது.

தொடக்கத்திலேயே கோளாறு நேர்வதும் உண்டு. கரைப்பானில் ஈரம் இருந்தால், ஆல்க்கீனைச் சேர்ப்பதற்கு முன்பே போரேன் குமிழியிட்டுத் தீர்ந்துபோகும். குளிர்பதனப்பெட்டிக்கு வெளியே நெடுநாள் கிடந்த போரேன் கரைசல் தன் கரைப்பானையே உடைக்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட புட்டியை நம்பி அளந்தால், கடைசியில் ஆல்க்கீன் பாதி அப்படியே திரும்பி வரும்.

கிடைத்தது நமக்கு வேண்டிய ஆல்கஹால்தானா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆரஞ்சு நிறக் குரோமிக் அமிலத்தில் ஒரு துளி விடலாம். இரண்டாம் கார்பனில் OH இருந்தால் நிறம் பச்சையாகும். முதல் கார்பனில், அதாவது அமில வழியில் கிடைக்கும் ஆல்கஹாலில், OH-ஐத் தாங்கும் கார்பனில் ஹைட்ரஜனே இல்லாததால் நிறம் மாறாது. டிரான்ஸா, சிஸ்ஸா என்பதை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு வரைபடம் சொல்லும். OH உள்ள கார்பனின் ஹைட்ரஜன் டிரான்ஸில் 3.1 பிபிஎம் அருகே தெரியும், சிஸ்ஸில் 3.8 அருகே. நம் வினையில் 3.8 பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்.

வளையத்தை விட்டு நேர்ச்சங்கிலிக்கு வந்தால் தேர்வு அவ்வளவு துல்லியமாக இருக்காது. 1-ஹெக்ஸீனில் போரான் 94 சதவீதம் ஓரத்துக்கும் 6 சதவீதம் உள்ளேயும் போகிறது. ஸ்டைரீனில் பென்சீன் வளையம் குறுக்கிடுவதால் 80-க்கு 20 ஆகிவிடும். இதற்குப் பிரௌன் கண்ட தீர்வு, போரானைச் சுற்றிப் பெரிய தொகுதிகளை ஏற்றிவிடுவது. 9-பிபிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அத்தகைய போரேனில் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் மிச்சம். அதைப் பயன்படுத்தினால் 1-ஹெக்ஸீனில் ஓரத்து ஆல்கஹால் 99 சதவீதத்தைத் தாண்டும்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. நம் வளையத்தில் போரான் மேலிருந்து இறங்குவதும் கீழிருந்து ஏறுவதும் சம வாய்ப்புள்ளவை. எனவே கிடைக்கும் டிரான்ஸ் ஆல்கஹால், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களின் சரிபாதிக் கலவை. ஒரு பிம்பம் மட்டும் வேண்டும் என்றால் போரானோடு ஒட்டியிருக்கும் தொகுதியே இடம், வலம் அறிந்ததாக இருக்க வேண்டும். 1961-ல் பிரௌனும் ஸ்வைஃபலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து வரும் ஆல்ஃபா-பைனீனைப் போரேனோடு சேர்த்தார்கள். இரண்டு பைனீன் ஏறியதும் அது தானாக நின்றது. மிச்சமிருந்த ஒரு ஹைட்ரஜனோடு அதை சிஸ்-2-பியூட்டீனின் மேல் செலுத்தியபோது, கிடைத்த 2-பியூட்டனாலின் ஒளியியல் தூய்மை 87 சதவீதம். ஆனால் மீத்தைல்சைக்ளோஹெக்ஸீன் போன்ற நெரிசலான ஆல்க்கீன்களுக்கு இரண்டு பைனீன் சுமந்த அந்தப் போரேன் ஒத்துவரவில்லை. அவற்றுக்கு ஒரே ஒரு பைனீனைத் தாங்கிய போரேனைப் பிரௌன் குழு 1970-களின் பிற்பகுதியில் தயாரித்தது.