லிட்டருக்கு எண்பது கிலோமீட்டரா?

பொம்மனஹள்ளியில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் குமாஸ்தா ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைப்படி ஏறுமுன்பே அவர் காதில் இரண்டு சேதிகள் விழுந்துவிடும். "நூறு சி.சி. எதற்கும் உதவாது, நூற்றைம்பதாவது வேண்டும்" என்பது ஒன்று. "லிட்டருக்கு எண்பது கொடுக்கும்" என்பது மற்றொன்று.

இந்த எண்பது 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 விளம்பரக் காலத்திலிருந்தே ஜனங்கள் மனதில் பதிந்துபோன எண். அது முழுப் பொய்யல்ல; ஆனால் சில்க் போர்டு சந்திப்பில் எடுத்த கணக்கும் அல்ல. மைலேஜ் சோதனை நடப்பது கூடத்துக்குள், உருளைகளின் மேல். வண்டியில் 75 கிலோ ஆள் ஒருவர்தான் என்று கணக்கு. பின்னால் யாரும் இல்லை. அதிலும் வண்டி நிற்பதுண்டு, கிளம்புவதுண்டு. ஆனால் ஓசூர் சாலை நெரிசலில் ஐந்து நிமிடம் எஞ்சின் ஓடும், வண்டி ஓடாது. அந்தப் பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் ஏது?

சக்தி விஷயத்துக்கு வருவோம். நூறு சி.சி. எஞ்சின் சுமார் 8 குதிரைச் சக்தி தரும். இருவர் ஏறி, சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போக ஒரு குதிரைச் சக்திகூட வேண்டாம். ஐம்பதில் போக ஏறக்குறைய இரண்டு போதும். மேம்பாலம் ஏறும்போது மூன்று, நான்கு வேண்டியிருக்கும். ஊருக்குள் நூற்றைம்பதின் மிச்ச சக்தி சும்மா கிடக்கும்.

ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு ஒரேயடியாகக் கூடுகிறது. எண்பதில் போனால் ஏழு வரை கேட்கும். மாதம் இருமுறை மனைவியோடு ஊருக்குப் போகிறவருக்கு, லாரியை முந்த வேண்டிய இடத்தில் நூறு சி.சி. திணறும். அவருக்கு 10, 11 குதிரைச் சக்தி தரும் நூற்றிருபத்தைந்து ஏற்றது. அதற்கு மேல் ஆசைதான்.

வாங்கியபின் மைலேஜைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். முதல் சர்வீஸ் முடிந்ததும், வண்டியை நேராக நிறுத்தி டாங்கியை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். முந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே பம்பில் அதே அளவுக்கு நிரப்பினால், இடையில் ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுக்கலாம். 312 கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர் என்றால் மைலேஜ் 55-க்குச் சற்று மேல். ஒரு லிட்டர் மட்டும் ஊற்றிப் பார்ப்பது ஏமாற்றும்.

நமது குமாஸ்தா போக வர நாளுக்கு 20 கிலோமீட்டர், மாதம் 26 நாள், ஆக 520 கிலோமீட்டர் ஓட்டுகிறார். எண்பதை நம்பினால் ஆறரை லிட்டர். உண்மையில் 55 கிடைத்தால் ஒன்பதரை. மூன்று லிட்டர் துண்டு விழும். அதே தூரத்துக்கு 50 தரும் நூற்றிருபத்தைந்து கூடுதலாகக் குடிப்பது மாதம் ஒரு லிட்டர்தான். கடன் தவணையில் எவ்வளவு கூடும் என்பதைத்தான் அவர் கடையில் முதலில் கேட்க வேண்டும்.