வீட்டு அடமானப் பத்திரம்: யார் கட்டணும், யாருக்கு ஜாமீன், யார் கேட்கலாம்?

“பேங்க் பத்திரம் வந்திருக்கு, என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லு.” ஜாசின், அலோர் காஜா பக்கம் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த பல குடும்பங்களில் இந்த வேலை மலாயும் ஆங்கிலமும் படித்த பிள்ளைகளுக்குத்தான் வரும். உங்களிடமும் கேட்டால், முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மகன் கடை வைக்க வங்கியில் 1,50,000 ரிங்கிட் கடன் வாங்குகிறார். அம்மா பெயரில் உள்ள வீடு அடமானம். மாமா ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். கடன் வாங்கியவர், ஜாமீன்தாரர், வங்கி என மூன்று தரப்புதானே என்று தோன்றும். உண்மையில் நான்கு. வீட்டைக் கொடுத்த அம்மா கடன் வாங்கியவர் அல்ல.

நான்கு பேருக்கு நான்கு பெயர்

‘கடன்காரர்’ என்ற சொல்லைத் தொடவே வேண்டாம். பேச்சுத் தமிழில் அது கடன் வாங்கியவரையும் குறிக்கும், வாசலில் வந்து பணம் கேட்பவரையும் குறிக்கும். கடன் வாங்கியவர், வீட்டை அடமானம் வைத்தவர், ஜாமீன்தாரர், வங்கி என்று தொடக்கத்திலேயே பெயர் வைத்து, கடைசி வரை மாற்றாதீர்கள். ‘அவர்’ என்று எழுதினாலும் யாரென்று தெரியாமல் போகும்.

அடுத்து, வினையைக் கவனியுங்கள். “தவணை தவறினால் முழுத் தொகையும் செலுத்தப்பட வேண்டும்” என்பது சரியான தமிழ்தான். ஆனால் செலுத்துவது யார்? “கடன் வாங்கியவர் தவணை தவறினால், வங்கி கேட்டதும் ஜாமீன்தாரர் முழுத் தொகையையும் கட்ட வேண்டும்” என்று எழுதினால் மாமாவுக்குத் தன் பங்கு புரியும். யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு: இந்த நான்குக்கும் பதில் இல்லாத வரியைத் திருப்பி எழுதுங்கள்.

ஏமாற்றும் ஒரு வரி

ஜாமீன் பத்திரத்தில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்று வருவதுண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘ஆளுக்குப் பாதி’ என்றுதான் காதில் விழும். சட்டத்தில் அதன் பொருள் நேர் எதிர்: கையெழுத்துப் போட்ட எவரிடமும் வங்கி முழுத் தொகையையும் கேட்கலாம். அதை அப்படியே விளக்கமாக எழுதுங்கள்.

1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 81-இன்படி, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அதனால் “முதல்ல வீட்டை விப்பாங்க, அப்புறம்தான் என்கிட்ட வருவாங்க” என்று மாமா நம்பியிருக்க முடியாது. பத்திரத்தில் உச்சவரம்புத் தொகை இருக்கிறதா என்று தேடி, இருந்தால் தனி வரியாக எழுதுங்கள்.

தவணை நின்றால்

வீட்டு அடமானம் தேசிய நிலச் சட்டத்தின் 16ஏ படிவத்தில் பதிவாகிறது. தவணை நின்றால் வங்கி 16டி நோட்டீஸ் அனுப்பும். பணம் கட்டத் தவறியது மகன், ஆனால் நோட்டீஸ் வருவது நிலம் வைத்த அம்மா பெயருக்கு. மாமாவிடம் கேட்கும் கடிதம் வேறு.

நிலுவை 1,40,000 ரிங்கிட் இருக்கும்போது வீடு 1,10,000-க்கு ஏலம் போனது என்று வைத்துக்கொள்வோம். வட்டி, செலவுகளைத் தள்ளிவைத்தால் பாக்கி 30,000. இதை மகனிடமும் மாமாவிடமும் வங்கி கேட்கலாம். அம்மா வீட்டை மட்டும் அடமானம் வைத்திருந்தால் அவர் பொறுப்பு வீட்டோடு முடிகிறது. ஆனால் இணைப்புப் பக்கங்களில் ‘நானே கட்டுகிறேன்’ என்ற வாக்குறுதி இருந்தாலோ, தனி ஜாமீன் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தாலோ கதையே மாறிவிடும். அந்த வரியைத்தான் அம்மாவுக்கு முதலில் படித்துக் காட்ட வேண்டும்.

“ஜாமீன் போட்டவரைத் திவாலாக்க முடியாதாமே?” என்ற பேச்சும் உண்டு. பாதிதான் உண்மை. 2017 அக்டோபர் 6 முதல், லாப நோக்கமின்றிச் சில கடன்களுக்கு ஜாமீன் தந்தவர் மீது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் அதில் ஒன்று; மகனின் கடைக் கடன் அதில் சேராது. அத்தகைய வணிகக் கடனுக்கு ஜாமீன் தந்தவர் மீது நடவடிக்கை எடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். எப்படியானாலும், பணம் கேட்டு வழக்குப் போடுவதை இந்த விதி தடுக்காது.

உங்கள் தமிழ் வடிவம் புரிந்துகொள்ள மட்டுமே. செல்லுபடியாவது கையெழுத்தான மூலம்தான். அதனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூலத்தின் பிரிவு எண்ணைப் போடுங்கள். கடன் பத்திரத்தைத் தயாரிக்கும் வழக்கறிஞர் பொதுவாக வங்கிக்காகச் செயல்படுபவர். சந்தேகமான எண்களைக் குறித்துக்கொண்டு, கையெழுத்துக்கு முன்பே அம்மாவும் மாமாவும் தங்களுக்கென ஒரு வழக்கறிஞரிடம் கேட்கட்டும்.