வைத்தியசாலையில் இருக்கையில் காப்புறுதி ஆண்டு மாறினால்

கற்பிட்டியிலே வெங்காயம் பயிரிடும் ஒருவர் மருத்துவக் காப்புறுதி செய்திருக்கின்றார் என வைத்துக்கொள்வோம். அவருடைய பத்திரம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லுபடியாகும். ஆண்டொன்றுக்குரிய காப்புறுதித் தொகை 5 இலட்சம் ரூபாய். அவ்வாண்டில் முன்னொரு நோய்க்கு 3,50,000 ரூபாய் பெற்றுவிட்டார். எஞ்சியிருப்பது 1,50,000 ரூபாய்.

மார்ச் 29ஆம் நாள் அவர் கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்படுகின்றார். மறுநாள் சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. ஏப்ரல் 4ஆம் நாள் வீடு திரும்புகின்றார். பத்திரமும் உரிய காலத்திலே புதுப்பிக்கப்பட்டுவிட்டது. மொத்தச் செலவு 4 இலட்சம் ரூபாய். இதனைக் கொடுக்க வேண்டியது எந்த ஆண்டின் தொகை?

இதற்கு விடை பத்திரத்தின் வாசகத்திலேயே உள்ளது. பல பத்திரங்கள் அனுமதிக்கப்பட்ட நாளையே அளவுகோலாகக் கொள்ளும். அவ்வாறாயின் பழைய ஆண்டில் எஞ்சிய 1,50,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். மீதி 2,50,000 ரூபாயை நோயாளியே செலுத்த வேண்டும். ஆனால் புதிய ஆண்டின் 5 இலட்சமும் குறையாமல் நிற்கும்.

வேறு சில பத்திரங்கள் செலவு ஏற்பட்ட நாளைப் பார்த்துப் பிரிக்கும். மார்ச் முடியும்வரை 2,80,000 ரூபாயும், அதன்பின் 1,20,000 ரூபாயும் செலவாயின எனில், பழைய ஆண்டு 1,50,000 ரூபாயையும், புதிய ஆண்டு 1,20,000 ரூபாயையும் தரும். நோயாளி தரவேண்டியது 1,30,000 ரூபாய்.

மூன்றாவது வழி இந்தியாவில் 2016இல் வகுக்கப்பட்ட உடல்நலக் காப்புறுதி விதிகளில் இடம்பெற்றிருந்தது. இரு காலங்களில் விழும் கோரிக்கைக்கு, அவ்விரு காலங்களிலும் எஞ்சியுள்ள தொகையைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்றது அவ்விதி. அதன்படி நமது உதாரணத்தில் 4 இலட்சமும் கிடைக்கலாம். ஆனால் புதிய ஆண்டில் 2,50,000 ரூபாயே மிஞ்சும். கோரிக்கையில் நோயாளி முதலில் ஏற்கவேண்டிய கழிவு ஏதுமிருந்தால், அதுவும் இரு காலங்களுக்கும் கணக்கிடப்படும்.

ஆகவே, கோரிக்கை குறைக்கப்பட்டு வருமாயின் இரண்டு தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒன்று, அனுமதி நாளும் நேரமும் குறித்த சீட்டு; மற்றது, நாள்வாரியாகப் பிரித்த பட்டியல். மொத்தத் தொகை மட்டும் எழுதிய பட்டியலைக் கொண்டு, இரண்டாம் வகைப் பத்திரத்தில் பங்கு சரியாகப் பிரிக்கப்பட்டதா என அறிய இயலாது.

இன்னும் ஒன்று. "பழைய ஆண்டுதானே கொடுக்கப்போகின்றது" என்றெண்ணிப் புதுப்பித்தலைத் தள்ளிப்போடலாகாது. இடைவெளியில் வேறொரு நோய் வந்தால் அதற்குப் பாதுகாப்பில்லை. நோயாளி கட்டிலில் இருக்கையில் தொகையை உயர்த்திப் புதுப்பித்தாலும், உயர்த்திய பகுதி முன்னரே தொடங்கிவிட்ட அந்நோய்க்குப் பொதுவாகப் பயன்படாது. எனவே புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போதே, அனுமதி நாளா, செலவு நாளா, இரு ஆண்டுகளுமா எனக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்வது நன்று.